குடம் அடிப்பவர்

அன்புள்ள ஐயா,

என் முதல் கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. பின்னட்டைக்கு என்னைப் பற்றி ஒரே வாக்கியத்தில் எழுதித் தரும்படி கேட்டார்கள். இப்படி எழுதினேன்: "காரைதீவைப் பிறப்பிடமாகக் கொண்ட இவர் கவிதை எழுதுதல், சிறந்த ஓவியர், வில்லுப்பாட்டில் பங்குபற்றுவார், சிங்கள மொழிபெயர்ப்பு மற்றும் அறிவிப்பாளராகவும் திகழ்கிறார்." (வில்லுப்பாட்டில் உண்மையில் நான் குடம்தான் அடிப்பேன். மொழிபெயர்த்தது இரண்டு சிறுகதைகள். கோயில் திருவிழாக்களிலும் பாடசாலை விழாக்களிலும் அறிவிப்புச் செய்கிறேன்.) வாசித்த தோழி "ஓடவில்லையே" என்கிறாள். ஏன் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. "திகழ்கிறார்" என்பதை "விளங்குகிறார்" என்று மாற்றினால் சரியாகுமா? தன்னைப் பற்றித் தானே "இவர்" என்று எழுதுவது முறைதானா?

காரைதீவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு நூல் வெளியீட்டு அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு வயிறெரிந்துகொண்டிருந்தேன். அதில் நான்கு பேரைப் பற்றிய அறிமுகம். நாலு பேரும் "பன்முக ஆளுமை". எங்கள் ஊரில் ஒருமுக ஆளுமை ஒருவராவது மிஞ்சியிருக்கிறாரா என்று தெரியவில்லை. நீங்கள் அந்தச் சொல்லைப் போடவில்லை. அதற்காகவே உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

"இவர்" என்று எழுதலாம், எல்லோரும் எழுதுகிறார்கள், விடுங்கள். "மற்றும்" என்ற சொல்லைப் பார்த்தாலே கொதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கும் நான் வரவில்லை.

தோழி சரியாகத்தான் சொன்னாள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதனோடு சேர்த்து வாசியுங்கள். மற்றதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். "கவிதை எழுதுதல் திகழ்கிறார்." "சிறந்த ஓவியர் திகழ்கிறார்." "பங்குபற்றுவார் திகழ்கிறார்." "சிங்கள மொழிபெயர்ப்பு திகழ்கிறார்." "அறிவிப்பாளராகவும் திகழ்கிறார்." ஐந்தில் ஒன்றுதான் தேறியது. முதலாவது ஒரு செயலின் பெயர், இரண்டாவது ஓர் ஆளின் பெயர், மூன்றாவது முடிந்துபோன வினை, நாலாவது வெறும் துறையின் பெயர், ஐந்தாவது மட்டும் "ஆகவும்" போட்டு முடிவுக்குக் காத்திருக்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதுவரை வாசிப்பவன் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும். ஐந்தும் ஒரே வடிவமாக இருந்தால் அடுக்கித் தூக்கிவிடுவான். ஒரு பானை, ஒரு பாய், ஒரு கோழி என்று கொடுத்தால் பாதிவழியில் ஏதாவது கைநழுவும். இதில் கோழி உங்கள் "பங்குபற்றுவார்".

அந்தக் கோழியால் நானே ஒரு முறை ஊரில் தலைகுனிந்திருக்கிறேன்.

என் மாமா கூத்து அண்ணாவியார். வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் அவருக்கு ஒரு கௌரவிப்பு விழா வைத்தார்கள். அறிமுகத்தை எழுதும் வேலை, படித்த மருமகன் என்று எனக்கு வந்தது. நான் எழுதிக் கொடுத்தது இது: "மத்தளம் அடித்தல், ஏடு பார்ப்பவர், வடமோடி தென்மோடி இரண்டிலும் தேர்ச்சி, மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கினார் போன்ற திறமைகளைக் கொண்டவர்." எழுதும்போது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தாளில் காற்புள்ளிகள் ஒழுங்காக இருந்தன. அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் வாசித்தார். "பழக்கினார்" என்ற இடத்தில், பாவம் அவர், வாக்கியம் முடிந்தது என்று நினைத்துக் குரலை இறக்கிவிட்டார். சனம் கை தட்டியது. மாமா எழுந்து கும்பிட்டார். கை தட்டல் ஓய்ந்ததும் அறிவிப்பாளர் தாளைப் பார்த்து, மிச்சத்தை வாசிப்பதா விடுவதா என்று தடுமாறி, "போன்ற திறமைகளைக் கொண்டவர்" என்று தனியாக வாசித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இரவு வீட்டில் சோறு போட்டுக்கொண்டு மாமா சொன்னார்: "மனே, நடுவில தாளத்தத் தீர்த்துப்போட்டு மறுகா ஆடச் சொன்னா யாருக்குக் கால் வரும்?"

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு இலக்கணம் சொல்லித்தந்த எவரும் அதை அப்படிச் சொன்னதில்லை. "பழக்கினார்" ஒரு முற்று. முற்று வந்தால் கேட்பவன் மனதில் வாக்கியம் தீர்ந்துவிடும். எல்லாமே முற்றாக இருந்தால் பாதகமில்லை. மத்தளம் அடிப்பார், ஏடு பார்ப்பார், கூத்துப் பழக்குவார் என்றால் காது இரண்டாவதிலேயே வரிசையைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை காத்திருக்கையில் ஒன்று மட்டும் முற்றாக வந்தால்தான் கை தட்டல் விழும். நீங்கள் ஒலிவாங்கி பிடிப்பவர். உங்கள் வாக்கியத்தை வேறொருவர் எழுதித் தந்து வாசிக்கச் சொல்லியிருந்தால் "பங்குபற்றுவார்" வந்ததும் உங்கள் குரலும் இறங்கியிருக்கும். எழுதிவிட்டு ஒரு தடவை உரத்து வாசிக்கக்கூடாதா? மற்றவர்களின் பெயரையெல்லாம் திருத்தமாக உச்சரிக்கும் வாய் தன் பெயருக்கு வந்ததும் சோம்பிப்போனது எனக்குக் கோபம்தான்.

வாக்கியம் இன்னும் தீரவில்லை என்று கேட்பவனுக்குச் சொல்லத் தமிழில் ஒரு சின்ன எழுத்துக் கூட்டம் இருக்கிறது: உம். "கவிதை எழுதுவதும்" என்றால் இன்னொன்று வரப்போகிறது என்று காது தயாராகிவிடும். நன்னூலில் பவணந்தியார் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பெயர்களைச் சும்மா அடுக்கினால், அதைச் செவ்வெண் என்பார்கள், கடைசியில் ஒரு தொகைச்சொல் வேண்டும். "கவிதை, ஓவியம், வில்லுப்பாட்டு ஆகிய மூன்றிலும் ஈடுபாடு உள்ளவர்" என்பதில் "மூன்று" அந்த வேலையைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டு "கவிதை, ஓவியம், வில்லுப்பாட்டில் ஈடுபாடு உள்ளவர்" என்று எழுதினால் அந்த "இல்" வில்லுப்பாட்டோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும், கவிதையும் ஓவியமும் வாசலில் நிற்கும். உம் போட்டு அடுக்கினால் தொகைச்சொல் இல்லாமலும் நடக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் போட்டால், "அறிவிப்பாளராகவும்" என்று நீங்கள் போட்டது போல, அது மிச்சம்மீதி போலக் கேட்கும்.

இன்னொரு வழியும் பலர் பிடிக்கிறார்கள்: "கவிதை எழுதி, ஓவியம் வரைந்து, குடம் அடித்து வருகிறார்." வடிவம் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் கவிதை, மத்தியானம் ஓவியம், பின்னேரம் குடம் என்று நேரசூசி போல இருக்கிறது. வினையெச்சத்தை அடுக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது என்ற வாடை வந்துவிடும்.

சரி, எல்லாவற்றையும் ஆள் பெயராக்கிவிடலாமே என்பீர்கள். கவிஞர், ஓவியர், வில்லிசைக் கலைஞர், மொழிபெயர்ப்பாளர், அறிவிப்பாளர். ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. நான் இவ்வளவு நீளமாக எழுதக் காரணமே இந்த இடம்தான். இரண்டு சிறுகதையை மொழிபெயர்த்தவர் மொழிபெயர்ப்பாளரா? ஒரே அச்சில் வார்த்தவுடன் ஐந்தும் ஒரே எடையாகிவிட்டன. உங்கள் முதல் வாக்கியம் கோணலாக இருந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தமிழ் வராதது இல்லை. ஐந்தும் ஒரே இனம் இல்லை என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. கவிதை நீங்கள் விடாமல் செய்வது, மொழிபெயர்ப்பு இரண்டு தடவை செய்தது, அறிவிப்பு மற்றவர்கள் கூப்பிடும்போது செய்வது. கை கூச்சப்பட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சட்டை போட்டுவிட்டது. ஒரு வரிசையில் ஒன்று அச்சுக்குள் வர மறுத்தால், அதை அமுக்கி ஏற்றுவதற்கு முன், அது அந்த வரிசையைச் சேர்ந்ததுதானா என்று பாருங்கள். சேராவிட்டால் அதற்கு இன்னொரு வாக்கியம் கொடுங்கள். ஒரே வாக்கியம்தான் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் இரண்டு கொடுங்கள். பின்னட்டை கிழிந்துவிடாது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். விபுலாநந்த அடிகளை இன்றைய அழைப்பிதழ்காரர்களிடம் விட்டால் "இசை ஆய்வு, கல்வியாளர், பேராசிரியராகவும் பன்முக ஆளுமை" என்று முடித்திருப்பார்கள். "யாழ் நூலை எழுதியவர், சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்" என்று எழுதிப் பாருங்கள். மூன்றும் "அவர்" என்று முடிகின்றன. மூன்றும் செய்து முடித்த காரியங்கள். 1947இல் வெளிவந்த நூலும் 1943இல் ஏற்ற பதவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூசவில்லை. "இசையில் ஆர்வம் உள்ளவர்" என்று நாலாவதாகச் சேர்த்தால் அதுவும் "அவர்" என்றுதான் முடியும், கையால் மூடிப் பார்க்கும் சோதனையிலும் தேறிவிடும். ஆனாலும் விழுந்துவிடும். செய்தவற்றுக்கு நடுவே ஓர் ஆர்வம் வந்து குந்தினால் அது சும்மா இருப்பது உடனே தெரியும். இலக்கணம் ஒத்துப்போனால் போதாது, சங்கதியும் ஒத்துப்போக வேண்டும்.

உங்களுடையதை நான் இப்படி எழுதுவேன்:

"காரைதீவில் பிறந்த இவர் கவிதை எழுதுவதையும் ஓவியம் வரைவதையும் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பதையும் விடாமல் செய்து வருகிறார். சிங்களச் சிறுகதைகள் இரண்டைத் தமிழாக்கியிருக்கிறார்."

மூன்றையும் மூடி மூடிப் பாருங்கள். "கவிதை எழுதுவதையும் விடாமல் செய்து வருகிறார்", "குடம் அடிப்பதையும் விடாமல் செய்து வருகிறார்", எல்லாம் நிற்கும். நீளமானதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றுதான். முதலில் வைத்தால் மூச்சு முன்னமே வாங்கிவிடும். "சிறந்த" போய்விட்டது. அது ஓவியத்துக்கு முன்னால் நின்றால், அப்ப கவிதை என்ன சுமாரா என்று கேட்கத் தோன்றும், கவிதைத் தொகுப்பின் அட்டையில் அது தேவையா? அறிவிப்பையும் எடுத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம். வேண்டுமானால் "ஊர் விழாக்களில் அறிவிப்பாளர்" என்று மூன்றாவது வாக்கியமாகத் தனியே நிறுத்துங்கள், முதல் மூன்றோடு மட்டும் கலக்காதீர்கள்.

குடத்தை "பங்குபற்றுவார்" என்ற சொல்லுக்குள் ஒளித்து வைத்தீர்களே, அதற்குத்தான் உங்களை இன்னும் கொஞ்சம் ஏச வேண்டும். அந்த வாக்கியம் முழுவதிலும் வேறு யாருக்கும் பொருந்தாத சங்கதி அது ஒன்றுதான். அதை அடைப்புக்குறிக்குள் எனக்கு மட்டும் சொல்லிவிட்டு, அட்டையில் பங்குபற்றுகிறீர்கள்.

திகழ்கிறாரா விளங்குகிறாரா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேருக்கும் இப்போது அங்கே இடமில்லை.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த வில்லுப்பாட்டு எந்தக் கோயிலில் என்றும் எழுதுங்கள், கல்லடியிலிருந்து பஸ் ஏறினால் காரைதீவு ஒன்றும் தூரமில்லை.