மாநாட்டுக்குப் போகப் பணம் கேட்பது எப்படி? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கிளிநொச்சியில், செயற்கைக் கால் பொருத்தியவர்களைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். கொழும்பில் இரண்டு நாள் மாநாடு ஒன்றுக்குப் போகப் பணம் கேட்டு எழுதினேன். அறிவு வளரும், தொடர்புகள் கிடைக்கும் என்று குறிப்பிட்டிருந்தேன். "நிறுவனத்துக்கு என்ன பயன்?" என்ற ஒரு வரியோடு கடிதம் திரும்பிவிட்டது.

பதில்: நீங்கள் எழுதிய இரண்டுமே உங்களுக்குக் கிடைக்கும் பயன்கள். பணிப்பாளர் கேட்பது வேறு. மாநாட்டு நிகழ்ச்சி நிரலை எடுத்து, உங்கள் அன்றாட வேலையில் தொல்லை தரும் ஒரு விடயத்தோடு பொருந்தும் அமர்வைத் தேடுங்கள். உங்கள் இரண்டாவது மடலில் அதற்கான விடை இருக்கிறது: வயலில் இறங்குகிறவர்களுக்குச் சேறும் வியர்வையும் பட்டு, செயற்கைக் காலில் மிஞ்சிய கால் நுழையும் கிண்ணம் உரசிப் புண் வருகிறது, அவர்கள் திரும்பத் திரும்ப உங்களிடம் வருகிறார்கள். கிண்ணத்தின் பொருத்தத்தைச் சோதிப்பது பற்றி முதல் நாள் ஓர் அமர்வு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் அங்கிருந்து தொடங்கட்டும்.

கடந்த மூன்று மாதத்தில் புண்ணோடு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணி எழுதுங்கள். மாநாட்டிலிருந்து திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் களப் பணியாளர்களுக்கு அரை நாள் வகுப்பு எடுப்பதாகவும், வீட்டுத் தரிசிப்பின்போது பார்க்கவேண்டியவற்றை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தருவதாகவும் சொல்லுங்கள். அடுத்த மூன்று மாதமும் அதே எண்ணிக்கையை எடுத்து ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சேருங்கள். ஆனால் புண் குறையும் என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். அறுவடைக் காலம் வந்தால் எண்ணிக்கை தானாகவே கூடலாம்; உங்கள் கையில் இல்லாததற்கு நீங்கள் பொறுப்பேற்கக் கூடாது. நீங்கள் இல்லாத நாட்களில் வீட்டுத் தரிசிப்புக்கு யார் போவார் என்பதையும், அவரிடம் முதலே கேட்டுவிட்டு, பெயரோடு எழுதுங்கள். பல கடிதங்கள் மேசையிலேயே கிடப்பதற்கு அந்த ஒரு வரி இல்லாததுதான் காரணம்.

கேள்வி: அதே கடிதத்தில் "மொத்தச் செலவு ஏறத்தாழ 85,000 ரூபா" என்று போட்டிருந்தேன். கணக்காளர் அதையும் வட்டமிட்டிருக்கிறார்.

பதில்: வட்டமிட்டது நியாயம். நீங்கள் விசாரித்து அனுப்பிய விலைகளை வைத்தே பிரித்துப் பார்த்தேன். சலுகைத் திகதிக்கு முன் பதிவுக் கட்டணம் 18,000. பஸ் போக வர 5,000. வியாழன் காலை புறப்பட்டு, வெள்ளியும் சனியும் மாநாட்டில் இருந்துவிட்டு, சனி இரவு பஸ்ஸில் திரும்பினால் தங்குமிடம் இரண்டு இரவு, 18,000. ஆட்டோ ஆறு ஓட்டம், 4,200. காலைச் சாப்பாடு தங்குமிடத்தில் தருகிறார்கள், மாநாட்டு மதியச் சாப்பாடு பதிவுக் கட்டணத்துக்குள் அடங்குகிறது. மிச்சம் நாலு வேளை, 4,000. மொத்தம் 49,200 ரூபா.

உங்கள் பழைய தொகையில் முழு நாளாந்தப் படியும் இருந்தது, மாநாட்டுச் சாப்பாடும் இருந்தது. ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தடவை பணம் கேட்டதாகத்தான் கணக்காளர் அதைப் பார்ப்பார். "ஏனைய செலவுகள்" என்று ஒரு வரி போடுவதும் சந்தேகத்தையே வளர்க்கும். வியாழன் இரவுத் தங்கல் ஏன் என்பதற்குக் காரணம் எழுதுங்கள்: இரவு பஸ்ஸில் போனால் 9,000 மிச்சம்தான், ஆனால் விடியுமுன் கொழும்பில் இறங்கி, தூக்கமில்லாமல் முதல் நாள் அமர்வில் இருக்கவேண்டிவரும். நீங்கள் போக நினைப்பதே அந்த அமர்வுக்காக. மலிவான வழியையும் பார்த்துவிட்டே இதைக் கேட்கிறீர்கள் என்பது தெரியட்டும்.

கேள்வி: முல்லைத்தீவில் கொடையாளர் நிதியில் நடக்கும் திட்டத்தில் இருக்கிறேன். "பட்ஜெட்டில் மாநாடு இல்லை" என்கிறார்கள்.

பதில்: "ஊழியர் பயிற்சி" அல்லது "திறன் விருத்தி" என்ற தலைப்பில் செலவழியாத பணம் இருக்கிறதா என்று நிதிப் பிரிவில் கேளுங்கள். இருந்தாலும் மாநாடு அதற்குள் அடங்குமா என்று கொடையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டிவரும். பதிலுக்குக் காலம் எடுக்கும். சம்மதம் வருமுன் சொந்தப் பணத்தில் பதிவு செய்யாதீர்கள். அங்கீகாரத் திகதிக்கு முந்திய செலவைக் கணக்காய்வில் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: முற்பணம் வாங்கிப் போனேன். ஆட்டோவுக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்று அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். (வவுனியா)

பதில்: பிக்மீ போன்ற செயலியில் ஆட்டோ பிடித்தால் பில் மின்னஞ்சலுக்கு வரும். வீதியில் மறித்து ஏறினால் திகதி, இடம், தொகை எழுதி நீங்களே கையொப்பமிடும் சிட்டையை அலுவலகம் ஏற்குமா என்று போகுமுன் கேளுங்கள். தங்குமிட பில் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். ரயிலில் போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: இறங்கும் நிலையத்தின் வாசலில் டிக்கெட்டை வாங்கிக்கொள்வார்கள். கொடுக்குமுன் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள்.