ஜிமெயிலில் நான்கு சாதனங்கள் காட்டுகிறது, எதை வெளியேற்றுவது?

கேள்வி: மூன்று வாரம் முன்பு மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் என் ஜிமெயிலைத் திறந்தோம். அதே மாதத்தில் பழைய போனை மூலக்கடைப் பக்கம் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். இப்போது என் கணக்கில் பார்த்தால் நான்கு சாதனங்கள் இருக்கின்றன, ஒன்றில் பெங்களூர் என்று போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது. 600 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் வெளியேற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. அவர் செய்யப்போவது உங்கள் போனில் பத்து நிமிட வேலை. அதைச் செய்ய உங்கள் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கேட்பார். இல்லாவிட்டால் உங்கள் திரையைத் தன் போனில் பார்க்கும் ஒரு செயலியைப் போடச் சொல்வார். தெரியாத ஒருவர் உள்ளே வந்துவிட்டாரோ என்றுதானே பயப்படுகிறீர்கள்? இதில் நீங்களே ஒருவரை உள்ளே அழைத்து உட்கார வைக்கிறீர்கள். இணையத்தில் தேடினால் "கூகுள் கஸ்டமர் கேர்" என்று ஒரு எண் கிடைக்கும், அதற்கும் போன் செய்ய வேண்டாம். நம்மைப் போன்றவர்களின் கணக்கை மீட்டுக்கொடுக்கக் கூகுள் எந்தத் தொலைபேசி எண்ணையும் வைத்திருக்கவில்லை. எடுத்துப் பேசுபவர் வேறு யாரோதான்.

சரி, பட்டியலைப் பார்ப்போம். போனில் Settings, அதில் Google, அப்புறம் Manage your Google Account. மேலே Security என்று தொடங்கும் பகுதிக்குள் போய்க் கீழே இறக்கினால் Your devices வரும். Manage all devices என்பதைத் தொட்டால் நீங்கள் சொல்லும் நான்கும் தெரியும். ஒவ்வொன்றையும் தொட்டுத் திறந்து பாருங்கள். என்ன சாதனம், எந்த பிரவுசர், கடைசியாக எப்போது, எந்த ஊர் என்று இருக்கும்.

ஊரைக் கடைசியாகப் பாருங்கள். நீங்கள் கொருக்குப்பேட்டையில் மொபைல் டேட்டாவில் இருந்தாலும், உங்கள் நிறுவனத்தின் இணைப்பு வேறொரு ஊரின் வழியாக வெளியே போகலாம். கூகுளுக்குத் தெரிவது அந்த ஊர்தான். பெங்களூர் என்று இருப்பது உங்கள் கையில் இருக்கும் போனின் பெயருக்குக் கீழேயே இருந்தால், பெரும்பாலும் அது நீங்களேதான். ஒரே போன் இரண்டு முறை வருவதும் இப்படித்தான். பாஸ்வேர்டை மறுபடி போட்டாலோ, வேறு பிரவுசரில் திறந்தாலோ அதைத் தனி வரியாகக் காட்டுவார்கள். ஆக நான்கில் இரண்டு உங்கள் போனாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மீதி இரண்டு: Windows என்று இருப்பது பிரவுசிங் சென்டர், பழைய மாடல் பெயரில் இருப்பது நீங்கள் கொடுத்த போன்.

Windows வரியில் "நேற்று இரவு" என்று நேரம் இருந்தால் யாரோ உட்கார்ந்து உங்கள் கடிதங்களைப் படித்தார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உங்கள் கணக்கு அந்த பிரவுசரில் திறந்தே கிடந்தால், யாரும் தொடாமலே அது கூகுளோடு பேசிக்கொள்ளும், நேரமும் மாறும். ஆனால் உங்கள் கணக்கு இன்னும் அங்கே திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது அந்த வரியைத் திறந்து Sign out கொடுங்கள். அது மட்டும் போதாது. பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டு போட்டவுடன் "சேமிக்கவா?" என்று பிரவுசர் கேட்டிருக்கும். மாணவர்கள் வரிசையில் நிற்கும் அவசரத்தில் யார் "ஆம்" அழுத்தினார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்? சேமித்திருந்தால் நீங்கள் வெளியேற்றிய பிறகும் அடுத்து வருபவர் ஒரு கிளிக்கில் உள்ளே வரலாம். அதனால் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம். அதே Security பகுதியில் Recovery phone, Recovery email இரண்டையும் பாருங்கள். பெரம்பூரில் என்னிடம் வருபவர்களில் சிலருக்கு அங்கே சென்டர்காரரின் எண் இருக்கும். கணக்கு தொடங்கும்போது "உங்க நம்பருக்கு ஓடிபி வரலை" என்று சொல்லித் தன் எண்ணைப் போட்டிருப்பார். நல்லெண்ணத்தில்கூடப் போட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும், "மறந்துவிட்டேன்" என்று அழுத்திக் கணக்கை எடுத்துக்கொள்ள அவரிடம் வழி இருக்கும். தெரியாத எண்ணை நீக்கி உங்கள் எண்ணைப் போட்ட பிறகே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஒரு விண்ணப்பம் போட மூன்று ஓடிபி, பாஸ்வேர்டு, அடையாளச் சான்று எல்லாவற்றையும் ஒரு பொது இடத்துக் கணினியில் தட்டச்சு செய்யும்படி வைத்திருக்கிறார்கள். வீட்டில் கணினி இல்லாத தாய்மார்கள் வேறெங்கே போவார்கள்? இதை வடிவமைப்பவர்கள் ஒரு நாளாவது அந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா இடத்திலும் வெளியேறிவிடும் என்று நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. எல்லா இடத்திலும் வெளியேறாது. நீங்கள் உள்ளே நுழையும்போது "நான்தான்" என்று உறுதிசெய்யப் பயன்படுத்தும் சாதனம் அப்படியே இருக்கும். புதிதாக எங்காவது நுழைந்தால் போனில் "நீங்கள்தானா?" என்று கேட்டு Yes வருமே, அந்தக் கேள்வி உங்கள் கணக்கு இருக்கும் போனுக்குத்தான் போகும். உங்கள் பழைய போனில் கணக்கு இன்னும் இருந்தால் அதற்கும் போகலாம். அந்தப் போன், பாஸ்வேர்டு மாறிய பிறகும் தப்பித்து உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் அனுமதி கொடுத்த வேறு செயலிகள் உள்ள சில சாதனங்களும் வீட்டு ஸ்மார்ட் சாதனங்களும் இப்படியே விடுபடும். அதனால் பாஸ்வேர்டு மாற்றிய பின் பட்டியலை மறுபடி திறந்து, பழைய போன் இருந்தால் அதையும் கையால் Sign out செய்யுங்கள்.

ஆனால் பழைய போன் விஷயத்தில் இந்த வரிசையை மாற்றுங்கள்: வெளியேற்றுவதற்கு முன் கடைக்குப் போங்கள். உங்கள் கணக்கு அதில் இன்னும் திறந்திருக்கிறது என்றால், ரீசெட் செய்யாமலே வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். Sign out கொடுத்தால் கணக்குத்தான் போகும். போனின் நினைவகத்தில் கிடக்கும் படங்களும் தொடர்புகளும் போகாது. போன் இன்னும் கடையில் இருந்தால் பில்லைக் காட்டி, உங்கள் கண் முன்னால் முதலில் கணக்கை நீக்கச் செய்து, அப்புறம் போனை முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால், திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். கடைக்காரர் உங்களுக்குப் போன் செய்து பாஸ்வேர்டு கேட்பார். போனில் சொல்லாதீர்கள், நேரில் போய் நீங்களே தட்டுங்கள். போன் ஏற்கெனவே கைமாறியிருந்தால் தாமதிக்காமல் Sign out செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் இந்தப் பட்டியலில் வராது, அதற்குத் தனி வழி. சென்டரில் அதைக் கணினியில் திறந்திருந்தால், வாட்ஸ்அப் உள்ளே Linked devices போய் அந்தக் கணினியைத் தொட்டு Log out கொடுங்கள்.

இரண்டு நாள் கழித்துப் பட்டியலை மறுபடி பாருங்கள். Sign out செய்த வரிகள் சில நாள் "வெளியேறியது" என்று காட்டிக்கொண்டே இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தெரியாத ஒரு சாதனம் புதிதாக, வெளியேறாமல் இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அப்படி வந்து, வங்கிப் பணத்திலும் ஏதாவது குறைந்திருந்தால் அன்றைக்கே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.