எண்ணெய் மிதந்தால் போதுமா? அசைவ ஊறுகாய் பற்றிச் சில கடிதங்கள்

ஆன்லைனில் இறால் ஊறுகாய் வாங்கினேன். மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கிறது. "வினிகர் இல்லை, கெமிக்கல் இல்லை, ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஆறு மாதம் வெளியிலேயே இருக்கும்" என்கிறார் விற்றவர். நம்பலாமா?

வேண்டாம். அவர் எதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறாரோ, அதெல்லாம்தான் எனக்குப் பயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த "எண்ணெய் மிதந்தால் கெடாது" என்ற வசனத்தோடு எனக்குப் பல வருடப் பகை.

அந்த வசனம் மாங்காய் ஊறுகாயிலிருந்து வந்தது. மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் சொந்தப் புளிப்பு உண்டு. அதோடு கை நிறைய உப்பு. கிருமியைத் தடுப்பது இந்த இரண்டும்தான். எண்ணெய்க்கு அங்கே மூடி வேலை மட்டும்: காற்றை உள்ளே விடாமல் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். அதே வசனத்தை இறாலுக்கும் மட்டனுக்கும் எடுத்துப் போட்டால் கதை மாறிவிடுகிறது. இறைச்சிக்குச் சொந்தப் புளிப்பு கிடையாது. உப்பையும் வாய்க்குத் தாங்கும் அளவுக்குத்தான் போடுகிறார்கள். மிச்சம் இருப்பது மூடி மட்டும்.

பாட்டுலிசம் என்பது தசைகளைச் செயலிழக்க வைக்கும் நச்சு நோய். அதைக் கொடுக்கும் கிருமிக்கு அந்த மூடிதான் வேண்டும். அது காற்றில்லாத இடத்தில் வளரும் ஜாதி. மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் அதன் வித்துகள் கிடக்கின்றன. பூண்டு, இஞ்சி, மசாலா, மீன் குடல் என்று எதில் வேண்டுமானாலும் ஏறி வரும். கொதிக்கும் தண்ணீரில் வித்து சாகாது. புளிப்பில்லாத, ஈரமுள்ள, காற்றுப்படாத இடம் கிடைத்து, அறைச் சூடும் இருந்தால் முளைத்து நஞ்சு கக்கும். எண்ணெய்க்குள் முழுகிக் கிடக்கும் மெத்தென்ற இறால் துண்டு வேறு என்ன?

இது கற்பனைப் பயம் இல்லை. 1985-ல் கனடாவின் வான்கூவரில், ஓர் உணவகத்தில் எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டைச் சாப்பிட்ட 36 பேருக்குப் பாட்டுலிசம் வந்தது. அதில் இறைச்சியே இல்லை. புளிப்புச் சேர்க்காத பூண்டும் எண்ணெயும், ஃப்ரிட்ஜில் வைக்காத பாட்டிலும் போதுமானதாக இருந்தது. நோய் அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்தால் ஆளை வென்டிலேட்டரில் படுக்க வைத்துவிடும்.

நம் பழைய ஆட்கள் விவரமானவர்கள். கறியை வைத்துச் சாப்பிட உப்புக்கண்டம் போட்டார்கள், மீனைக் கருவாடாக்கினார்கள். இரண்டிலும் உப்பு போட்டு ஈரத்தை வெயிலில் எடுத்துவிடுவார்கள். கேரளத்து மீன் ஊறுகாயில் வினிகர் இருக்கும், ஆந்திரத்து மட்டன் ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளிச்சக்கீரையோ இருக்கும். அந்தப் புளிப்பை ருசிக்கு மட்டும் போட்டதாக நினைத்து எடுத்துவிட்டு, "வினிகர் இல்லை" என்று லேபிளில் பெருமை அடிப்பது, பிரேக் இல்லாத வண்டியை எடை குறைவு என்று விற்பது மாதிரி.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். ஒரு கண்காட்சிக் கடையில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று மூன்று பாட்டில் வஞ்சிர ஊறுகாய் வாங்கினேன். வீட்டில் எண்ணெயை வடித்து நிறுத்துப் பார்த்தால் 300 கிராம் பாட்டிலில் மீன் 90 கிராம். இரண்டாவது பாட்டிலைத் திறந்தபோது சோடா மாதிரி சீறியது. மூன்றாவதைத் திறக்கவே இல்லை, அப்படியே குப்பைக்குப் போனது.

மீன் ஊறுகாய் பாட்டிலின் மூடி லேசாக உப்பியிருந்தது. ஒரு ஸ்பூன் வாயில் வைத்துப் பார்த்தேன், ருசியும் மணமும் நன்றாகவே இருந்தன. வீணாக்க மனமில்லை. சாப்பிடலாமா?

வாயில் வைத்துப் பார்த்தீர்களா! உப்பிய மூடி என்றால் உள்ளே ஏதோ ஒன்று வளர்ந்து வாயு விட்டிருக்கிறது. அது வெறும் ஈஸ்டாகவும் இருக்கலாம், பாட்டுலிசம் கிருமியாகவும் இருக்கலாம். நாக்கை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இந்த நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. பாட்டுலிசம் கிருமியில் மீனோடு அதிகம் வரும் 'ஈ' என்ற வகை, மூடியை உப்ப வைக்காமலும் நாற்றம் கொடுக்காமலும் தன் வேலையைப் பார்த்துவிடும். ஆகவே உப்பாத மூடியும் நல்ல சான்றிதழ் அல்ல.

இப்போது செய்ய வேண்டியது: பாட்டிலை மூடி, பையில் கட்டித் தனியே வையுங்கள். நாய்க்கும் போட வேண்டாம். பாட்டுலிசம் என்றால் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும், சில நாள் தள்ளியும் வரலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தானாகத் தொங்குவது, வாய் உலர்வது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது. காய்ச்சல் இருக்காது, அதனால்தான் ஆட்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். இதில் ஒன்று வந்தாலும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், "இதைச் சாப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். எதிர்நஞ்சு மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். ஏற்கெனவே செயலிழந்த தசையை அது திருப்பித் தராது. இரண்டு வாரத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் பாட்டிலைக் குப்பைக்கு அனுப்பிவிடலாம்.

வெயிலில் நான்கு நாள் வைத்து எடுத்தால் கிருமி செத்துவிடும் அல்லவா?

சாகாது. ஊறுகாய் சூடாகும், அவ்வளவுதான்.

வீட்டில் மட்டன் ஊறுகாய் போட்டுத் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். 1 கிலோ எலும்பில்லாத கறி, 30 கிராம் உப்பு, 400 மில்லி எண்ணெய், இரண்டு எலுமிச்சை. குக்கரில் ஆறு விசில் விட்டுத்தான் பொரிக்கிறேன். பொரித்தபின் 700 கிராம் கறி நிற்கிறது. இது போதாதா?

நிறுத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, அதற்காகவே உங்களுக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

குக்கரில் சுமார் 120 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் கறியில் இருந்த வித்துகள் பெரும்பாலும் சாகலாம். ஆனால் அதன் பிறகுதானே பூண்டு, மிளகாய்த்தூள், கரண்டி, பாட்டில் எல்லாம் வருகின்றன? கிருமியும் அவற்றோடு திரும்ப வந்துவிடும்.

இப்போது உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, கறியில் இருக்கும் நீரில்தான் கரையும். ஆகவே மொத்த ஊறுகாயில் எத்தனை சதவீதம் உப்பு என்று பார்க்காதீர்கள், நீரில் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோ பச்சைக் கறியில் ஏறக்குறைய 750 கிராம் நீர். பொரித்தபின் எடை 700 கிராம் என்றால் 300 கிராம் நீர் போய், 450 கிராம் உள்ளேயே நிற்கிறது. 30 கிராம் உப்பை அந்த நீரோடு சேர்த்தால் 480 கிராம் உப்புத் தண்ணீர். உப்பு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். உப்பை மட்டும் நம்பி இந்தக் கிருமியின் வலுவான வகைகளை நிறுத்த, சுமார் 10 சதவீதம் வேண்டும்.

இதே கறியை 500 கிராம் வரும் வரை பொரித்தீர்கள் என்று வையுங்கள். நீர் 250 கிராம்தான் மிச்சம். அதே 30 கிராம் உப்பு இப்போது பத்தரை சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. உப்பைக் கூட்டாமல் காரியம் ஆனது, பொரிப்பு செய்த வேலை. பொரிக்கும்போது கறி கொஞ்சம் எண்ணெயைக் குடிக்கும். அதனால் உண்மையில் கறியில் நீர் இன்னும் குறைவாக இருக்கலாம். மெத்தென்று இருந்தால்தான் விற்கும் என்பீர்கள். மெத்தென்றால் நீர், அதை மறக்க வேண்டாம்.

இதையும் கடைசி அரணாக நம்பாதீர்கள். உப்பு துண்டின் நடுவுக்குப் போய்ச் சேர நாள் ஆகும், எல்லாத் துண்டும் ஒரே மாதிரி வற்றாது. ஆகவே புளிப்பும் வேண்டும். புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 4.6-க்குக் கீழே போனால் இந்தக் கிருமி வளராது. வீட்டில் 4.2 வரை இறக்கிவிடுங்கள். கறி புளிப்பை விழுங்கும் பொருள். 700 கிராமுக்கு இரண்டு எலுமிச்சை வாசனைக்குத்தான் ஆகும். சிறு துண்டாக வெட்டி, வினிகரையோ சாற்றையோ தாராளமாகச் சேர்த்து, நான்கு நாள் ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு அளந்து பாருங்கள். ஒரு பெரிய துண்டை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, சம எடை காய்ச்சி வடித்த நீரோடு அரைத்து அளக்க வேண்டும். மேலே நிற்கும் சாறு புளித்திருப்பது கணக்கில்லை, துண்டின் நடு புளித்திருக்க வேண்டும். நிறம் மாறும் தாள் வாங்காதீர்கள், நான் வாங்கி அனுபவித்தேன்: மிளகாய் நிறத்தில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரிந்தது. மீட்டர் வாங்குங்கள், வாரம் ஒருமுறை அதற்கான கரைசலில் சரிபாருங்கள்.

அப்புறம், விற்பது தெரிந்தவருக்கானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம்.

மட்டன் ஊறுகாயை ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெள்ளையாக உறைந்துவிட்டது. கலப்படமா?

ஆட்டுக் கொழுப்பு. வெளியே வைத்தால் இளகும். சந்தேகப்பட வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

ஃப்ரிட்ஜில் வைத்தால் புளிப்பு இல்லாமலே மீன் ஊறுகாய் ஆறு மாதம் தாங்குமா?

தாங்காது. நான் சொன்ன 'ஈ' வகை 3 டிகிரியிலேயே மெல்ல வளரும். வீட்டு ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் அதைவிடச் சூடு, கதவைத் திறந்து திறந்து மூடினால் இன்னும் சூடு. ஃப்ரிட்ஜ் கூடுதல் பாதுகாப்புதான், புளிப்புக்குப் பதிலாகாது. புளிப்பில்லாமல் செய்திருந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள், அல்லது ஃப்ரீசரில் போடுங்கள்.

சமூக வலைத்தளத்தில் பார்த்து இரண்டு பாட்டில் மீன் ஊறுகாய்க்கு 1,400 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஒன்று கசிந்து வந்தது. லேபிளில் தேதியும் இல்லை, முகவரியும் இல்லை. கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை. தப்பு உங்களுடையதல்ல. படம் பார்த்து வாங்குவதுதான் இன்று எல்லோருக்கும் வழக்கம், தேதி போடாமல் விற்றது அவர் குற்றம். முதலில் இரண்டு பாட்டிலையும் சாப்பிடாமல் வையுங்கள். பார்சல் உறை, பாட்டில், கசிவு எல்லாவற்றையும் படம் எடுங்கள். பணம் போன ரசீதையும் பேச்சையும் சேமியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். உரிமம் இல்லாத உணவு விற்பனை என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தனியே எழுதுங்கள், அது உங்கள் பணத்தைவிடப் பெரிய விஷயம். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை.

அடுத்த முறை பணம் கட்டும் முன் லேபிளின் படம் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் 14 இலக்க எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது, பொருள்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் வினிகரோ அசிட்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எடை வரிசையில்தான் எழுத வேண்டும். உப்புக்கும் மிளகாய்க்கும் பின்னால், கடைசியில் ஒளிந்திருந்தால் கடையை மாற்றுங்கள்.

பழைய ஊறுகாயைக் கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்கிறார்களே?

நஞ்சு போகும், பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால். வித்து போகாது. ஆனால் பாட்டில் மேல் சந்தேகம் வந்துவிட்டதால்தானே கேட்கிறீர்கள்? தூக்கிப் போடுங்கள்.