ஹீலியம்-நியான் லேசரில் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகும் மோடுகள்

"ஆடிகளுக்கிடையே 30 செ.மீ. கணக்குப்படி மோடு இடைவெளி 500 மெகாஹெர்ட்ஸ். ஆனால் இன்டர்ஃபெரோமீட்டரில் 1 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் உச்சங்கள் தெரிகின்றன. ஏன்?"

கணக்கு சரிதான். பெரும்பாலும் இடையில் உள்ள மோடுகளை நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒளி போய்த் திரும்பும் 60 செ.மீ. பாதையில் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கினால்தான் அந்த அதிர்வெண் ஒரு மோடாக நிலைக்கும். அதனால் இடைவெளி c/2L, அதாவது 500 மெகாஹெர்ட்ஸ். நியானின் பெருக்க அகலம் சுமார் 1.5 கிகாஹெர்ட்ஸ் என்பதால் இரண்டு, மூன்று மோடுகள் ஒன்றாக எரியும். சாய்வாகப் பொருத்திய கண்ணாடியான ப்ரூஸ்டர் சன்னல் இல்லாத குழாய்களில் அடுத்தடுத்த மோடுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக முனைவாக்கம் பெற்றிருக்கும். கற்றையின் வழியில் போலரைசர் இருந்தால், ஒன்றுவிட்டு ஒன்று மறைந்துவிடும்.

போலரைசரை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். 90 பாகை திருப்பினால் மறைந்தவை வந்து, இருந்தவை மறையும். நடுவில் 45 பாகையில் எல்லாமே தெரியும். குழாய் சூடாகும்போது உச்சங்கள் நகரும், அதனால் அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் பாருங்கள்.

உங்கள் குழாயில் ப்ரூஸ்டர் சன்னல் இருந்தால் இந்த விளக்கம் பொருந்தாது, எல்லா மோடுகளும் ஒரே திசையில்தான் முனைவாக்கம் பெற்றிருக்கும். அப்போது இன்டர்ஃபெரோமீட்டரின் அதிர்வெண் அளவுகோலைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.