அடர் கந்தக அமில பாட்டிலில் தமிழில் என்ன எழுதுவது?

"சார், உசிலம்பட்டி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். அமில பாட்டிலில் இருக்கும் ஆங்கில எச்சரிக்கை பிள்ளைகளுக்குப் புரியவில்லை. 'கடுமையான தோல் எரிகாயங்கள் மற்றும் கண் சேதத்தை விளைவிக்கும்' என்று எழுதி எல்லா கந்தக அமில பாட்டிலிலும் ஒட்டிவிடலாமா?"

எல்லா பாட்டிலிலும் வேண்டாம் சார். அந்த வாசகம், ரசாயன லேபிள்களுக்கான ஐ.நா. முறையில் H314 என்ற எண் கொண்ட ஆபத்து வாசகம், அடர் அமிலத்துக்கு உரியது. கரைசலில் கந்தக அமிலம் 15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது பொருந்தும். மேசையில் பிள்ளைகள் எடுத்துப் புழங்குகிற 1 மோலார் நீர்த்த அமிலம் ஏறக்குறைய 9 சதவீதம்தான். அதற்கு H315, H319: "தோலில் எரிச்சல் உண்டாக்கும், கண்ணில் கடும் எரிச்சல் உண்டாக்கும்". மேலே போடும் சொல்லும் மாறும், அடர் அமிலத்துக்கு "அபாயம்", நீர்த்ததற்கு "எச்சரிக்கை". இரண்டிலும் ஒரே வாசகத்தை ஒட்டினால், நீர்த்த அமிலம் கையில் பட்டு ஒன்றும் ஆகாததைப் பார்த்த பையன் அடர் பாட்டிலையும் அதே மாதிரிதான் எடுப்பான்.

அப்புறம் "எரிகாயம்" என்பதை எடுத்துவிடுங்கள். பக்கத்து அலமாரியில் எத்தனால் இருக்கும், அதுவும் "எரியும்", அமிலம் பட்ட கையும் "எரியும்". ஆய்வகம் முழுக்க ஒரே வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: நெருப்பு என்றால் "தீப்பற்றும்", H314 என்றால் "தோல் வெந்து புண்ணாகும், கண் கெடும்", H315 என்றால் "எரிச்சல்". H314-இல் "வெந்து புண்ணாகலாம்" என்று மென்மையாக்க வேண்டாம், ஆங்கிலத்திலும் அங்கே "லாம்" இல்லை.

முன்னெச்சரிக்கை வரிகளில் நான் அதிகம் கவலைப்படுவது விழுங்கியவருக்கான வரி, P301+P330+P331. "வாயைக் கழுவவும், வாந்தியைத் தூண்டக் கூடாது" என்று எழுதுவார்கள். பதற்றத்தில் வாசிப்பவர் கண்ணில் "வாந்தி" மட்டும்தான் படும், நம்ம ஊரில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் வேறு இருக்கிறது. உள்ளே போன அமிலம் மேலே வரும்போது உணவுக்குழாயை இன்னொரு முறை வேகவைக்கும். அதனால் தடையை முன்னால் போடுங்கள்: "விழுங்கிவிட்டால்: வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். உடனே 108." கண்ணுக்கான வரியில் ஆங்கிலம் "பல நிமிடங்கள்" என்கிறது. "சில நிமிடம்" என்று எழுதினால் இரண்டு நிமிடத்தில் குழாயை மூடிவிடுவார்கள், "குறைந்தது 15 நிமிடம்" என்று போட்டுவிடுங்கள்.

H, P எண்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஐ.நா. இந்த வாசகங்களை ஆறு மொழிகளில் வெளியிடுகிறது, தமிழ் அதில் இல்லை. நாம் எழுதுவது நம் வாசகம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சரிபார்க்க அந்த எண்தான் வேண்டும்.

எழுதி முடித்ததும் ஆய்வக உதவியாளரிடம் வாசிக்கக் கொடுத்து, என்ன செய்வீர்கள் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்குகிற வரியை மாற்றுங்கள். லேபிள் மேல் செல்லோடேப் ஒட்டுங்கள், ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் வழிகிற சொட்டு எழுத்தைத் தின்றுவிடும்.