‘முற்றிலும் இலவசம்’ என்றால் ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள்?

“சைக்கிள் வாங்கினால் பூட்டும் முதல் சர்வீஸும் சும்மா தருகிறோம். ‘முற்றிலும் இலவசம்!!!’ என்று போட்டால் ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதாம். வேறு என்ன சொல் போடலாம்?”

“இலவசம்” இருக்கட்டும், “முற்றிலும்” என்ற சொல்லையும் ஆச்சரியக்குறிகளையும் எடுத்துவிடுங்கள். இப்படி எழுதலாம்:

“சைக்கிளுடன் பூட்டு இலவசம். முதல் சர்வீஸுக்குக் கட்டணம் இல்லை. வாங்கிய 60 நாளுக்குள் பில்லுடன் வாருங்கள்.” (நாள் கணக்கை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.)

பொருளுக்கு “இலவசம்”, வேலைக்குக் “கட்டணம் இல்லை” என்பது இயல்பாக ஒலிக்கும். “அன்பளிப்பு” இங்கே வேண்டாம் என்பேன். வாங்கினால்தான் கிடைக்கும் என்கிறபோது அது அன்பளிப்பாகத் தெரியாது.

சந்தேகம் வருவது பெரும்பாலும் நிபந்தனை மறைந்திருப்பதால்தான். எதற்காகத் தருகிறார்கள் என்று தெரியாதபோது வாசிப்பவர் தானே ஒரு சூழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்கிறார். நட்சத்திரக்குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் “நிபந்தனைக்கு உட்பட்டது” என்றால் இன்னும் மோசம். அமெரிக்காவில் வணிக விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் வழிகாட்டுதலே அந்த அடிக்குறிப்பு முறை போதாது என்கிறது. நிபந்தனை தொடக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

விளம்பரத்தை விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி, “இதைப் பெற நீங்கள் என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். தயங்கினால் வரியைத் திருத்துங்கள்.

ஆனால் சர்வீஸில் மாற்றும் பாகங்களுக்குப் பணம் வாங்குவீர்கள் என்றால் “வேலைக்கூலி இல்லை, பாகங்களுக்குத் தனி விலை” என்றே போடுங்கள். பூட்டின் விலையைச் சைக்கிளில் ஏற்றியிருந்தால் “பூட்டும் சேர்த்து” என்பதுதான் சரி.