வங்கிக்கு 52 லட்சம், புத்தகத்தில் 45 லட்சம்

"ரோஸ் ஹில்லில் துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். ஜூன் 30-ஆம் தேதிக்கு வங்கியில் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் சரக்கு 52 லட்சம் ரூபாய், சப்ளையர் பாக்கி 9 லட்சம். புத்தகத்திலோ சரக்கு 45 லட்சம்தான். வங்கியின் மார்ஜின் 25 சதவீதம். ஓவர்டிராஃப்டில் 30 லட்சம் எடுத்திருக்கிறேன். புத்தகத்தில் 7 லட்சத்துக்கு ஒரு என்ட்ரி போட்டுச் சரிக்கட்டிவிடலாமா?"
— வாசகர், மொரீஷியஸ்

வேண்டாம். இறுதிச் சரக்கை வெறுமனே 7 லட்சம் ஏற்றினால் லாபமும் 7 லட்சம் ஏறும், இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். நீங்கள் அனுப்பிய சரக்குப் பட்டியலையும் பில் நகல்களையும் வைத்துப் பார்த்தேன். பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது.

முதலில் விலை. பட்டியலில் படுக்கை விரிப்பு ஒன்று 460 ரூபாய். உள்ளூர் சப்ளையர் பில்லில் அதே விரிப்பு 400, அதற்குமேல் 15 சதவீதம் வாட் 60. கிடங்குப் பையன் பில்லின் அடியில் வாட் சேர்த்துப் போட்டிருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து விலை போட்டிருக்கிறார். நீங்கள் வாட் பதிவு பெற்றவர், அந்த 60 ரூபாயைக் கழித்துக்கொள்கிறீர்கள், அது சரக்கின் விலையில் சேராது. உள்ளூரில் வாங்கிய 20 லட்சம் சரக்கு இப்படித்தான் 23 லட்சமாகிவிட்டது. ஆக ஸ்டேட்மெண்டில் 3 லட்சம் அதிகம், சரியான தொகை 49 லட்சம்.

அடுத்தது தேதி. திருப்பூர் சரக்கு ஜூன் 28-ஆம் தேதி கிடங்கில் இறங்கியிருக்கிறது, எண்ணவும் எண்ணிவிட்டார்கள். பில் புத்தகத்தில் ஏறியது ஜூலை 4-ஆம் தேதி. புத்தகத்தில் அந்த 4 லட்சம் குறைவு. சேர்த்தால் அங்கேயும் 49 லட்சம். இந்தக் கொள்முதலை ஜூன் தேதியில் பதியுங்கள். கொள்முதலும் சரக்கும் சேர்ந்தே ஏறுவதால் லாபம் மாறாது.

சரக்குத் தொகை ஒத்துவிட்டது என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். எனக்குக் கவலை தருவது சப்ளையர் பாக்கித் தொகைதான். திருப்பூர்க்காரருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை, அந்த 4 லட்சம் பாக்கியிலும் விட்டுப்போயிருக்கிறது. பணம் கொடுக்காத சரக்குக்கு வங்கி கடன் தராது. முன்பு 52-இல் 9 போக 43 லட்சம், அதில் 25 சதவீத மார்ஜின் போக முக்கால் பங்கு 32.25 லட்சம் டிராயிங் பவர், அதாவது நீங்கள் எடுக்கக்கூடிய வரம்பு. இப்போது 49-இல் 13 போக 36 லட்சம், முக்கால் பங்கு 27 லட்சம். எடுத்திருப்பதோ 30. அப்படியானால் 3 லட்சம் வரம்பு மீறிவிட்டது.

திருத்திய ஸ்டேட்மெண்டை இந்த வாரமே கொடுங்கள். வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள், 3 லட்சத்தை எந்தத் தேதிக்குள் கட்டுவீர்கள் என்றும் சொல்லுங்கள். சத்தமில்லாமல் அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் குறைத்துக் காட்டினால், விற்பனை ஏறாமல் சரக்கு எங்கே போனது என்று கேட்பார்கள். ஜூன் 30 உங்கள் ஆண்டு முடிவு என்றால் தணிக்கையான கணக்கும் அவர்கள் மேசைக்குத்தான் போகும்.

இனி ஸ்டேட்மெண்டில் கையெழுத்துப் போடும் முன், மாதத்தின் கடைசி ஐந்து சரக்கு வரவுச் சீட்டையும் அடுத்த மாதத்தின் முதல் ஐந்து கொள்முதல் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி பாருங்கள். அப்புறம் பட்டியலில் பத்து உருப்படியின் விலையைப் பில்லோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.